இரண்டு நிறத்தில் நான்கு முகங்கள்: ஒரு டூயோடோன் போஸ்டர் செய்த அனுபவம்

ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு ஏ3 அளவில் போஸ்டர் வேண்டும் என்று கேட்டார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு மேடைப் படம். பாடகி, கிடார்காரர், கீபோர்டு வாசிப்பவர், டிரம்மர் என்று நான்கு பேர் அதில் இருந்தார்கள். பின்னணி முழு இருட்டு, மேலிருந்து செக்கச் செவேல் என்று மேடை விளக்கு. படத்தை டீல் என்ற நீலப்பச்சை நிறத்திலும் ஆரஞ்சுச் சிவப்பிலும் டூயோடோனாக மாற்ற வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். குழுவை ஒருங்கிணைக்கும் நண்பர் இன்னொன்றும் சொன்னார்: "நாலு பேரையும் பார்த்தவுடனே அடையாளம் தெரியணும். டிசைன் அழகா இருக்கு, ஆனா இது யாருன்னு கேக்கக் கூடாது."

டூயோடோன் செய்வது பெரிய வேலை இல்லை. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, கருப்பு இருக்கும் இடத்தில் ஒரு நிறம், வெள்ளை இருக்கும் இடத்தில் இன்னொரு நிறம், நடுவில் உள்ள சாம்பல்களுக்கு இரண்டின் கலவை என்று கிரேடியன்ட் மேப் போட்டால் முடிந்தது. ஒரு பூவுக்கோ கட்டிடத்துக்கோ அது போதும். முகத்துக்குப் போதாது. நிறத்தை எடுத்துவிட்ட பிறகு ஒருவரை அடையாளம் காட்ட மிஞ்சுவது வெளிச்ச வேறுபாடு மட்டும்தான். புருவம் நெற்றியைவிட எவ்வளவு இருட்டு, கண்குழி கன்னத்தைவிட எவ்வளவு இருட்டு, மூக்கின் பக்கவாட்டு நிழல் எங்கே முடிகிறது, தாடை கழுத்திலிருந்து பிரிகிறதா என்பவைதான் ஒரு முகத்தை அந்த ஆளின் முகமாகக் காட்டுகின்றன. இந்த வேறுபாடுகளை எங்கெல்லாம் இழக்கிறோம் என்று தேடித் தேடி அடைப்பதுதான் உண்மையான வேலை.

நான் இதை ஜிம்ப் 2.10-இல் செய்தேன். வேறு மென்பொருளில் மெனு பெயர் மாறும், வேலை மாறாது.

நிறங்களை முதலில் எடை போட்டேன்

அவர்கள் அனுப்பிய டீல் `#0E7C86`, ஆரஞ்சு `#FF5A36`. அருகருகே வைத்தால் கண்ணைப் பறிக்கும் ஜோடி. படத்தில் கிரேடியன்ட் மேப்பாகப் போட்டதும் நான்கு பேரும் கரைந்து போனார்கள். கிடார் தெரிகிறது, மைக் தெரிகிறது, முகங்கள் இருக்கும் இடத்தில் ஏதோ ஆரஞ்சுத் திட்டு.

காரணம் எளிது. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. ஜிம்பின் நிறத் தேர்வுப் பெட்டியில் `LCh` என்பதை அழுத்தினால் வரும் `L` மதிப்பு அதுதான். அந்த டீலின் `L` சுமார் 47, ஆரஞ்சின் `L` சுமார் 61. அதாவது கருப்பு முதல் வெள்ளை வரை 100 படிகளில் பரவியிருந்த படத்தை நான் வெறும் 14 படிகளுக்குள் நசுக்கிவிட்டேன். நிறம் எவ்வளவு மாறுபட்டாலும், வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் முகத்தின் நுணுக்கங்களைக் கண் பிரித்தெடுக்காது. படம் தட்டையாகி, விளிம்புகள் மினுமினுப்பது போலத் தோன்றும். அப்படித் தோன்றினால் உடனே இரண்டு நிறங்களின் `L` மதிப்பையும் பாருங்கள்.

முகம் உள்ள படத்துக்கு இரண்டு நிறங்களுக்கும் இடையே குறைந்தது 60 படியாவது இருக்க வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. சட்டம் எல்லாம் இல்லை. ஒரே ஒரு பெரிய முகம் என்றால் 45-இலும் சமாளிக்கலாம். நான்கு சிறிய முகங்களுக்கு அது போதாது.

அதனால் நிறச்சாயலை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, `L`-ஐ மட்டும் இழுத்தேன். டீலை இருட்டாக்கி `#06303A` வரை கொண்டுவந்தேன், அதன் `L` சுமார் 18. ஆரஞ்சை வெளிறச் செய்து `#FFC09A` ஆக்கினேன், அதன் `L` சுமார் 82. இப்போது இடைவெளி 64. முகங்கள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் இன்னொரு சிக்கல் முளைத்தது: படத்தில் ஆரஞ்சையே காணோம். வெளிச்சத்தில் பீச் நிறம், நிழலில் கருநீலப் பச்சை, நடுவில் சேறு.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிறங்களை நேராகக் கலந்தால் பாதி வழியில் அவை ஒன்றையொன்று தின்றுவிடும். `#06303A`, `#FFC09A` இரண்டுக்கும் சரியான நடு `#83786A`. ஈரமான சிமெண்ட் மாதிரி ஒரு சாம்பல் பழுப்பு. முகத்தின் பெரும்பகுதி விழுவது இந்த நடுத்தொனியில்தான். அதனால் நான்கு பேரும் உடம்பு சரியில்லாதவர்கள் போல இருந்தார்கள்.

இதற்கு வழி, கிரேடியன்டின் நடுவில் மூன்றாவது நிறம் ஒன்றை வைப்பது. அங்கே அவர்கள் கேட்ட ஆரஞ்சையே வைத்தேன், கொஞ்சம் அடக்கி: `#D9482B`. இதன் `L` சுமார் 51. 18-க்கும் 82-க்கும் நடு 50 என்பதால் வெளிச்சம் ஒரே சீராக ஏறுகிறது, நிறம் மட்டும் நடுவில் உயிர் பெறுகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் இது மூன்று நிறம். பார்ப்பவர் கண்ணுக்கு டீல், ஆரஞ்சு என்ற இரண்டு குடும்பம்தான் தெரியும். நடு நிறத்தை இதைவிட இருட்டாகவோ வெளிச்சமாகவோ வைத்தால் கிரேடியன்டின் ஒரு பாதி சப்பையாகிவிடும். அந்தப் பாதியில் விழும் முகம் அதனால் அடிபடும். ஆகவே நடு நிறத்தை எடுக்கும்போது `L`-ஐப் பார்த்து எடுப்பது நல்லது.

ஜிம்பின் கிரேடியன்ட் எடிட்டரில் வலது கிளிக் செய்து `Split Segment at Midpoint` கொடுத்து, சந்திக்கும் இரண்டு முனைகளுக்கும் இந்த ஆரஞ்சைக் கொடுத்தேன். கமாண்ட் லைன் பழக்கம் உள்ளவர்களுக்கு இமேஜ்மேஜிக்கில் அதே வேலை:

```
magick grey.png \
  \( -size 1x128 gradient:'#06303A-#D9482B' \
     gradient:'#D9482B-#FFC09A' -append \) \
  -clut duotone.png
```

நண்பர் ஒரு யோசனை சொன்னார்: "ஆரஞ்சை நிழலுக்கும் டீலை வெளிச்சத்துக்கும் போட்டுப் பாருங்களேன்." செய்யலாம், ஆனால் அப்போது ஆரஞ்சு கரும்பழுப்பாக இறங்க வேண்டும், டீல் வெளிர்நீலமாக ஏற வேண்டும். இப்போதைய நிறங்களையே தலைகீழாகப் போட்டால் கிடைப்பது ஃபிலிம் நெகட்டிவ். கண்குழி வெளிச்சமாகவும் கன்னம் இருட்டாகவும் இருக்கும் முகத்தை, அது வீட்டு ஆளின் முகமாகவே இருந்தாலும், அடையாளம் காண்பது கஷ்டம். எந்த நிறம் எதுவானாலும், இருட்டு நிறம் நிழலுக்கு என்ற வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

கருப்பு வெள்ளை எப்படி ஆனது என்பதும் முக்கியம்

நிறத்தை முடிவு செய்த பிறகு கிரேடியன்டை ஓரமாக வைத்துவிட்டு, கருப்பு வெள்ளைப் படத்துக்குத் திரும்பினேன். டூயோடோனின் தரம் பெரும்பாலும் இங்கேதான் நிர்ணயமாகிறது.

மூல வண்ணப் படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். சிவப்புச் சேனலில் முகங்கள் வழுவழு என்று வெளுத்திருந்தன. தோல் எப்போதும் சிவப்பை அதிகம் திருப்பி அனுப்பும், அதற்கு மேல் மேடை விளக்கும் சிவப்பு. பாடகியின் உதடு தோலோடு ஒன்றிப்போய் இருக்கும் இடமே தெரியவில்லை. நீலச் சேனல் அதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு பருவும் கரும்புள்ளியாக, கண்ணுக்குக் கீழே பெரிய பள்ளமாக, எல்லாவற்றின் மேலும் மணல் தூவியது போல இரைச்சல். பச்சைச் சேனல்தான் கைகொடுத்தது. உதடு, புருவம், மூக்கு நிழல் மூன்றும் அதில் தெளிவாக இருந்தன. பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்குரியவை என்பதால் இரைச்சலும் அதில் குறைவு.

`Colors > Desaturate > Mono Mixer` போய் சிவப்பு 0.25, பச்சை 0.65, நீலம் 0.10 என்று வைத்தேன். கூட்டினால் 1 வர வேண்டும், இல்லையென்றால் படம் மொத்தமாக வெளுக்கும் அல்லது இருண்டுவிடும். சாதாரணப் பகல் வெளிச்சப் படத்துக்குச் சிவப்பைக் கொஞ்சம் கூட்டலாம். சிவப்பு விளக்கின் கீழ் எடுத்த படத்துக்குப் பச்சையை நம்புவதே மேல்.

ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் கவனிப்பு

நான்கு பேரும் நான்கு விதம். பாடகி சிவந்த நிறம், விளக்கு நேராக அவர் மேல். டிரம்மர் நல்ல கருப்பு, பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரே கிரேடியன்ட் இருவருக்கும் சமமாக உதவாது. இதைக் கண்ணால் ஊகிக்காமல் எண்ணில் பார்த்துவிடுவது நல்லது: லாஸோவால் ஒரு முகத்தை மட்டும் தேர்வு செய்து ஹிஸ்டோகிராம் பலகையைத் திறந்தால், அந்த முகத்தின் தொனிகள் 0 முதல் 255-க்குள் எங்கிருந்து எங்கே பரவியிருக்கின்றன என்று காட்டும்.

பாடகி 140 முதல் 235 வரை இருந்தார். டிரம்மர் 35 முதல் 110 வரை. இதைக் கிரேடியன்டில் வைத்துக் கணக்குப் போட்டால், டிரம்மரின் முழு முகமும் `L` 27-க்கும் 46-க்கும் நடுவே, 19 படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. முதலில் கேட்ட நிறங்களில் அதே முகத்துக்குக் கிடைத்திருப்பது வெறும் 4 படி. அவர் காணாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

இந்த இடத்தில் பலரும் செய்வது, கருத்த முகத்தை அப்படியே தூக்கி வெளுக்க வைப்பது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவரும் அவராக இருக்க மாட்டார், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால் பொய்யும் பளிச்சென்று தெரியும். அவருக்கு வேண்டியது பரவல்தான். கருத்த தோலில் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவற்றில் விழும் பளபளப்புதான் முக வடிவத்தைச் சொல்கிறது. அந்தப் பளபளப்பை மேலே இழுத்து, நிழலை இருந்த இடத்திலேயே கட்டிப்போட்டால் போதும்.

கருப்பு வெள்ளை லேயரின் நகல் ஒன்று எடுத்து, அதில் `Colors > Curves` திறந்து, 35-ஐ 35-இலேயே ஆணியடித்து, 110-ஐ 155-க்கு ஏற்றினேன். பிறகு அந்த லேயருக்குக் கருப்பு மாஸ்க் போட்டு, டிரம்மர் முகத்தில் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் திறந்தேன். இப்போது அவர் முகம் `L` 27 முதல் 57 வரை. அடர்த்தியான தோல் அடர்த்தியாகவே இருக்கிறது, ஆனால் புருவம் நெற்றியிலிருந்து பிரிந்து நிற்கிறது.

பாடகிக்கு எதிர்த்திசையில் வேலை. 140-ஐ 95-க்கு இறக்கி, 235-ஐ 225-இல் நிறுத்தினேன். மேல் முனையை அதிகம் இறக்கினால் முகம் அழுக்காகத் தெரியும். நிழல் பக்கம் மட்டும் ஆழமானதும், பீச் நிறத் திட்டாக இருந்த கன்னத்தில் சதை வந்தது.

மாஸ்க்கின் விளிம்பு பற்றி ஒரு வார்த்தை. ஏ3 என்றால் 300 டிபிஐ-யில் 3508 × 4961 பிக்சல். இதில் ஒரு முகம் சுமார் 700 பிக்சல் உயரம் இருந்தது. அதற்கு 60 பிக்சல் அளவு மென்மை சரியாக வந்தது. அதற்குக் குறைந்தால் கூந்தலைச் சுற்றி ஒளிவட்டம் போலத் தெரியும், கூடினால் மாற்றம் பின்னணிக்குள் கசியும். கண்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துச் செய்வதும் ஆபத்து, முழுப் படத்தையும் திரையில் அடக்கிப் பார்த்தால்தான் ஒளிவட்டம் கண்ணில் படும்.

கிடார்காரருக்கு வேறு பிரச்சினை. முகத்தில் பரவல் நன்றாக இருந்தது, ஆனால் கருந்தாடி கரும்பின்னணியோடு சேர்ந்து தாடையைக் காணவில்லை. கண், மூக்கு, அதற்குக் கீழே வெற்றிடம். இங்கே முகத்தைத் தொடாமல் பின்னணியைத் தொட்டேன்: அவருக்குப் பின்னால், 60 முதல் 70 மதிப்புள்ள சாம்பலில், மேடைப் புகை போல மிக மெல்லிய வெளிச்சம் ஒன்றைப் பெரிய தூரிகையால் வரைந்தேன். அவர் தலையையும் தோளையும் மாஸ்க்கால் காத்துக்கொண்டால் வெளிச்சம் பின்னாலிருந்து வருவது போலவே இருக்கும். தாடியின் வெளிக்கோடு வந்ததும் ஆள் வந்துவிட்டார். கீபோர்டு வாசிப்பவர் நல்ல வேளையாகப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இருந்தார், அவரை நான் தொடவே இல்லை.

கடைசியாக எல்லாவற்றையும் `Layer > New from Visible` மூலம் ஒரே லேயராக எடுத்து, `Sharpen (Unsharp Mask)` ஃபில்டரில் ஆரம் 40, அளவு 0.25 கொடுத்தேன். ஆரம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அது கூர்மையாக்குவதில்லை, கண்குழி, மூக்கு, உதடு போன்ற நடுத்தர அளவு வடிவங்களின் வேறுபாட்டைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. 0.4-க்கு மேல் போனால் எல்லோருக்கும் வயதாகிவிடுகிறது.

மேப் போட்ட பிறகு பார்த்தவை

`Colors > Map > Gradient Map` போட்டதும் முதல் சோதனை: கிடைத்த டூயோடோனின் நகல் ஒன்றை மறுபடியும் கருப்பு வெள்ளையாக்கி, பழைய கருப்பு வெள்ளையின் அருகில் வைத்தேன். வேறுபாடு மங்கலாகியிருப்பது இயல்பு. ஆனால் ஒரு முகத்தில் மட்டும் புருவமோ உதட்டுக் கோடோ மறைந்திருந்தால், நிறம் நம் கண்ணை ஏமாற்றியிருக்கிறது என்று அர்த்தம். பாடகியின் கீழுதடு அப்படி மறைந்திருந்தது. கர்வ்ஸ் மாஸ்க்குக்குத் திரும்பிப் போய் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கினேன்.

இரண்டாவது, படத்தை 400 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினேன். முகம் அப்போது சுமார் 56 பிக்சல். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும், போனில் வரும் சின்னப் படத்தைப் பார்ப்பவருக்கும் கிடைப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். இந்த அளவில் கண்கள் இரண்டு இருட்டுத் திட்டுகளாகத் தனித்து நின்றால் போதும்.

பிறகு அந்தச் சின்னப் படத்தை, குழுவைத் தெரிந்த ஒருவருக்கு எதுவும் சொல்லாமல் அனுப்பி, யார் யார் என்று மட்டும் கேட்டேன். மூன்று பெயர் உடனே வந்தது. "கீபோர்டுல யாரு? கண்ணாடி போட்டிருக்காரா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் எப்போதும் கண்ணாடி போடுபவர். மெல்லிய சட்டம், பக்கவாட்டு வெளிச்சத்தில் தோல் நிறத்தோடு கலந்துவிட்டிருந்தது. தொட வேண்டியதில்லை என்று நான் விட்டுவைத்த முகம் அது. சிறிய தூரிகையால் சட்டத்தின் மேல்கோட்டை மட்டும், கருப்பு வெள்ளை லேயரில், இருட்டாக்கிவிட்டு மறுபடி மேப் போட்டேன். கண்ணாடி, மூக்குத்தி, மீசை, நெற்றிப் பொட்டு போன்றவை ஒருவரை அடையாளம் காட்டுவதில் முகத்துக்குச் சமமான பங்கு வகிக்கும். அவற்றை ஹிஸ்டோகிராம் சொல்லாது, ஆளைத் தெரிந்தவர்தான் சொல்வார்.

இவ்வளவு செய்தும் ஒரு முகம் தட்டையாகத் தெரிந்தால் இன்னொரு உபாயம் கைவசம் உண்டு. கருப்பு வெள்ளை லேயரை டூயோடோனுக்கு மேலே வைத்து, லேயர் மோடை `LCh Lightness` ஆக்கி, அந்த முகத்துக்கு மட்டும் மாஸ்க் திறந்து, ஒளிபுகாமையை 25 அல்லது 30 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். நிறம் டூயோடோனுடையது, வெளிச்சம் மட்டும் பழைய படத்திலிருந்து கொஞ்சம் திரும்பி வரும். கண்மணியும் கண்ணின் வெள்ளையும் இதில் நன்றாக எழும். டிரம்மருக்கு இதை 25-இல் வைத்தேன். சாதாரண நான்கு வண்ண அச்சுக்கோ திரைக்கோ இது சரி. நிஜமாகவே இரண்டு மைகளை மட்டும் வைத்து அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த உபாயம் ஆகாது, ஏனென்றால் இது உருவாக்கும் நிறங்கள் அந்த இரண்டு மைகளின் கலவைக்குள் வராது.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு திருத்தம் பாக்கி இருந்தது. காகிதத்தில் மைப் புள்ளிகள் கொஞ்சம் பரவும் என்பதால் நடுத்தொனிகள் திரையில் இருப்பதைவிட இருட்டாக விழும். முகங்கள் இருப்பதும் அங்கேதான். அதனால் அச்சுக்கான பிரதியில் மட்டும், மேப் போடும் முன்பு, கருப்பு வெள்ளையின் 128-ஐ 138-க்குத் தூக்கினேன். அதே காகிதத்தில் ஒரு மாதிரி அச்சு வாங்கிப் பார்த்தபோது டிரம்மரின் இடது கண்குழி இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கண்குழியை மட்டும் இன்னும் 8 அளவு தூக்கி, பின்னணியில் பட்டை பட்டையாகத் தெரிந்த இடங்களுக்கு லேசாக இரைச்சல் தூவி, கோப்பை அனுப்பிவிட்டேன். திரைக்கான பிரதியில் இந்தத் திருத்தங்கள் எதுவும் இல்லை, அதைத் தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறேன்.